எத்தனை முறை பாதியாக்க வேண்டும்? இருசமக்கூறிடல் முறையில் படிகளின் எண்ணிக்கையை முன்கூட்டியே கணிக்கும் வழி

ஒரு சமன்பாட்டின் மூலம், அதாவது அதை நிறைவுசெய்யும் எண், எந்த இரு எண்களுக்கு இடையில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால், அந்த இடைவெளியைப் பாதியாக வெட்டி, மூலம் இருக்கும் பாதியை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவதே இருசமக்கூறிடல் முறை. வேகத்தில் நியூட்டனின் முறையோடு இதனால் போட்டியிட முடியாது. ஆனால் கணக்கைத் தொடங்கும் முன்பே, சார்பின் ஒரு மதிப்பைக்கூடக் கண்டுபிடிக்காமல், எத்தனை படிகளில் முடியும் என்று உறுதியாகச் சொல்ல இந்த முறையில் முடியும். அந்த எண்ணிக்கையைக் கண்டறிவதற்கு ஒரு வரிச் சூத்திரம் இருக்கிறது. பாடநூல்களும் அதை ஒரு வரியில் கூறிவிட்டு நகர்ந்துவிடுகின்றன. ஆயினும் மாணவர்களின் ஆய்வக ஏடுகளைத் திருத்தும்போது, ஒரே வினாவுக்கு ஒருவர் 14 என்றும், இன்னொருவர் 15 என்றும், மூன்றாமவர் 9 என்றும் எழுதியிருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். மூவரும் பயன்படுத்தியது அதே சூத்திரத்தைத்தான். இந்த வேறுபாடுகள் எங்கிருந்து வருகின்றன என்பதை ஒரே ஓர் எடுத்துக்காட்டைத் தொடக்கம் முதல் இறுதி வரை பின்தொடர்ந்து பார்ப்போம்.

எடுத்துக்காட்டாகக் கெப்ளரின் சமன்பாட்டை எடுத்துக்கொள்கிறேன். சூரியனைச் சுற்றும் ஒரு கோள் குறிப்பிட்ட நேரத்தில் தன் நீள்வட்டப் பாதையில் எங்கே இருக்கும் என்பதைக் கண்டறிய இந்தச் சமன்பாட்டைத் தீர்த்தாக வேண்டும்:

```
E - e sin E = M
```

இதில் e என்பது பாதையின் மையத்தொலைத் தகவு. M என்பது கோள் எப்போதும் சராசரி வேகத்திலேயே சென்றிருந்தால் கடந்திருக்கக்கூடிய கோணம். நேரம் தெரிந்தால் இது தெரிந்துவிடும். E என்ற கோணமே நமக்கு வேண்டியது. E ஒருமுறை வெளியேயும் ஒருமுறை சைனுக்கு உள்ளேயும் இருப்பதால், அதை ஒரு பக்கமாகப் பிரித்தெடுத்து விடையை எழுத வழியில்லை. எண்முறையில்தான் தேட வேண்டும். செவ்வாய்க்கு e = 0.0934. M = 1 ரேடியன் ஆகும் தருணத்தை எடுத்துக்கொள்வோம்.

பிழை வரம்பை எங்கிருந்து பெறுவது

எத்தனை படிகள் என்ற வினாவுக்கு முன்னால், எவ்வளவு பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம் என்ற வினாவுக்கு விடை வேண்டும். பலரும் இந்த இடத்தில் பழக்கத்தினால் 0.000001 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த எண்ணுக்கு என்ன அலகு, அது கணக்கின் தேவையோடு எப்படிப் பொருந்துகிறது என்பதைக் கேட்டால் பதில் இருப்பதில்லை. பிழை வரம்பு விடையைப் பயன்படுத்தப்போகும் இடத்திலிருந்து வர வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் விடை ஒரு கோணம். வானியலில் கோணத்தைப் பாகை, கலை, விகலை என்று அளப்பது வழக்கம். ஒரு பாகைக்கு 60 கலை, ஒரு கலைக்கு 60 விகலை. வானியலாளர் டைக்கோ பிராஹேயின் கண்பார்வை அளவீடுகள் ஏறத்தாழ ஓரிரு கலைத் துல்லியம் உடையவை. அந்த நம்பிக்கையில்தான், செவ்வாயின் நிலையில் 8 கலை வேறுபாடு காட்டிய தன் மாதிரியைக் கெப்ளர் தூக்கி எறிந்தார். 1609இல் வெளியான அவருடைய நீள்வட்டப் பாதை அந்த 8 கலையிலிருந்து பிறந்தது. அந்தக் காலத்துத் தேவைக்கு 1 கலை போதுமான பிழை வரம்பாக இருந்திருக்கும். நாம் 1 விகலை என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் சூரியனிலிருந்து சராசரியாக 22.8 கோடி கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், E-யில் 1 விகலைப் பிழை என்பது பாதையில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டர் தள்ளிப்போவதற்குச் சமம். அதாவது செவ்வாயின் விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு. ஒரு தொலைநோக்கியை அந்தப் பக்கம் திருப்புவதற்கு இது தாராளமாகப் போதும். அங்கே ஒரு கலத்தை இறக்குவதற்குப் போதாது.

அடுத்து, தரப்பட்ட தரவுகள் இந்த வரம்பைத் தாங்குமா என்றும் பார்க்க வேண்டும். e-யை 0.0934 என்று நான்கு தசம இடங்களுக்கு முழுமையாக்கியிருக்கிறோம். அப்படியானால் உண்மை மதிப்பு 0.00005 வரை முன்பின் இருக்கலாம். சமன்பாட்டை e-யைப் பொறுத்து வகையிட்டால், e மாறும்போது E மாறும் வீதம் sin E / (1 - e cos E) என்று வருகிறது. நம் தருணத்தில் அது ஏறத்தாழ 0.92. எனவே e-யின் தோராயம் மட்டுமே E-யில் 0.000046 ரேடியன், அதாவது ஒன்பதரை விகலை வரை பிழையைக் கொண்டுவரக்கூடும். 0.0934 என்பதை வைத்துக்கொண்டு 1 விகலை வரை கணக்கிடுவது, தராசில் தூசியை எடைபோட்டுவிட்டு அரிசியைக் கைப்பிடியால் அளப்பது போன்றது. நிஜமான பணியில் e-யைக் கூடுதல் இலக்கங்களோடு எடுக்க வேண்டும், அல்லது பிழை வரம்பை 10 விகலைக்குத் தளர்த்த வேண்டும். இந்த வழிகாட்டியில் 0.0934 என்பதையே துல்லியமான மதிப்பாகக் கொண்டு மேலே செல்கிறோம். அப்போதுதான் எண்களைப் படிப்பவர் தாமே சரிபார்க்க முடியும்.

தொடக்க இடைவெளியும் அதன் அகலமும்

படிகளின் எண்ணிக்கையை முடிவுசெய்வது இரண்டே அளவுகள்: தொடக்க இடைவெளியின் அகலம், பிழை வரம்பு. சார்பு எப்படி வளைகிறது, எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்பவற்றுக்கு இதில் இடமே இல்லை. ஆகவே தொடக்க இடைவெளியை எப்படித் தேர்ந்தெடுக்கிறோம் என்பது முக்கியமாகிறது.

f(E) = E - e sin E - M என்று எழுதிக்கொள்வோம். சோம்பேறித்தனமான தேர்வு 0 முதல் π வரையிலான முழு இடைவெளி. அதன் அகலம் 180 பாகை, அதாவது 6,48,000 விகலை. ஆனால் சமன்பாட்டைச் சற்று உற்றுப்பார்த்தால் இதைவிட நல்ல இடைவெளி தானாகவே கிடைக்கிறது. M என்பது 0-க்கும் π-க்கும் இடையில் இருக்கும்போது, f(M) = -e sin M என்பது எப்போதும் எதிர்க்குறி உடையது. f(M + e) = e - e sin(M + e) என்பது ஒருபோதும் எதிர்க்குறி ஆகாது, ஏனெனில் சைன் 1-ஐத் தாண்டாது. சார்பு தொடர்ச்சியானது, முனைகளில் குறி மாறுகிறது, எனவே மூலம் M-க்கும் M + e-க்கும் இடையில் இருந்தே தீரும். f-இன் வகைக்கெழு 1 - e cos E எங்கும் நேர்க்குறி என்பதால் மூலம் ஒன்றுதான். M என்பது π-க்கும் 2π-க்கும் இடையில் இருந்தால் இடைவெளியை M - e முதல் M வரை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆக, அகலம் e-தான்: 0.0934 ரேடியன். ஒரு ரேடியனில் 2,06,265 விகலைகள் இருப்பதால், இது 19,265 விகலை. 6,48,000 எங்கே, 19,265 எங்கே! அகலம் ஏறத்தாழ 34-இல் ஒரு பங்காகக் குறைந்துவிட்டது. ஆனால் இதனால் மிச்சமாகும் படிகள் ஐந்துதான் என்பதைக் கீழே பார்ப்போம். இடைவெளியைக் குறுக்குவதற்காக மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வது பெரும்பாலும் பயனற்றது என்பதற்கு இதுவே சான்று. எளிதில் கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் அகலமான இடைவெளியோடு தொடங்கிவிடலாம். முனைகளில் குறி மாறுகிறதா என்பதை மட்டும் சரிபார்க்காமல் விடக்கூடாது. குறி மாறாத இடைவெளியையும் இந்த முறை ஒவ்வொரு படியிலும் பாதியாக்கிக்கொண்டே போகும். சொன்ன எண்ணிக்கையில், சொன்ன அகலத்துக்குள், மூலமே இல்லாத ஓர் இடத்தைத் துல்லியமாகக் காட்டிவிட்டு நிற்கும்.

கையால் எண்ணிப் பார்ப்பது

சூத்திரத்துக்குப் போகும் முன் ஒருமுறை கையால் பாதியாக்கிப் பாருங்கள். விகலைக் கணக்கில் தொடக்கம் 19,265. முதல் படிக்குப் பின் 9,632.6, பிறகு 4,816.3; 2,408.1, 1,204.1, 602. ஐந்து படிகள் முடிந்தன. அடுத்து 301, 150.5, 75.3, 37.6, 18.8. பத்துப் படிகள். பிறகு 9.4, 4.7, 2.35, 1.18; 0.59. பதினைந்தாவது படியில்தான் அகலம் 1 விகலைக்குக் கீழே இறங்குகிறது.

பத்துப் படிகளில் அகலம் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகிறது என்பதைக் கவனியுங்கள். 2-இன் பத்தாம் அடுக்கு 1,024 என்பதே காரணம். மனக்கணக்குக்கு இது ஒன்று போதும். அகலம் பிழை வரம்பைப் போல இருபதாயிரம் மடங்கு என்றால், ஆயிரத்துக்குப் பத்துப் படி, மீதி இருபது மடங்குக்கு 16-க்கும் 32-க்கும் இடையில் ஐந்து படி, ஆக மொத்தம் பதினைந்து. விடையில் ஒரு தசம இலக்கம் கூடுவதற்குச் சராசரியாக 3.32 படிகள் ஆகும் என்றும் இதிலிருந்து தெரிகிறது. நிரல் தரும் எண்ணிக்கை இந்த மனக்கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்றால், தவறு பெரும்பாலும் நிரலில்தான் இருக்கும்.

சூத்திரமும் அதன் கடைசி எண்ணும்

n படிகளுக்குப் பின் அகலம் (b - a)/2ⁿ. இது ε என்ற பிழை வரம்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். இரு பக்கமும் 2-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை எடுத்தால்:

```
n > log2((b - a) / ε)
```

நம் கணக்கில் வலப்பக்கம் log2(19265) = 14.23. இதைவிடப் பெரிய மிகச் சிறிய முழு எண் 15. 10-ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கைதான் கையில் இருக்கிறது என்றால், விகிதத்தின் மடக்கையை 0.30103-ஆல் வகுத்தால் அதே 14.23 கிடைக்கும். முழு அரைவட்டத்தோடு தொடங்கியிருந்தால் log2(648000) = 19.3, எனவே 20 படிகள். மேலே சொன்ன ஐந்து படி மிச்சம் இதுதான். ஹேலி வால்மீனுக்கு e ஏறத்தாழ 0.967, அதன் இடைவெளி செவ்வாயுடையதைவிடப் பத்து மடங்கு அகலமானது, பாதையோ மிக நீண்டு ஒடுங்கியது. அப்படியிருந்தும் 1 விகலைக்கு அதற்குத் தேவைப்படுவது 18 படிகள்தான்.

இந்த இடத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. பலரும் “மேல்நோக்கி முழுமையாக்கு” என்று மனப்பாடம் செய்திருக்கிறார்கள். வலப்பக்கம் 14.23 போன்ற பின்னமாக இருக்கும்வரை அது சரி. ஆனால் அகலம் 1, பிழை வரம்பு 1/1024 என்று இருந்தால் மடக்கை மிகச்சரியாக 10. மேல்நோக்கி முழுமையாக்கினாலும் 10-தான். பத்துப் படிகளுக்குப் பின் அகலம் பிழை வரம்புக்குச் சமமாக இருக்கும். அதற்குக் கீழே இறங்கியிருக்காது. “குறைவாக இருக்க வேண்டும்” என்று வினா சொன்னால் 11 படிகள் வேண்டும்; “மிகாமல் இருக்க வேண்டும்” என்றால் 10 போதும். முன்னதற்கு மடக்கையின் முழுப்பகுதியோடு ஒன்றைக் கூட்ட வேண்டும், பின்னதற்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். நடைமுறையில் இந்த ஒரு படி யாரையும் கெடுத்துவிடாது. தேர்விலும், நிரலுக்கான தன்னியக்கச் சோதனையிலும் கெடுக்கும்.

14-ஆ, 15-ஆ?

தொடக்கத்தில் சொன்ன மாணவர்களுக்கு வருவோம். 15 என்று எழுதியவர் இடைவெளியின் அகலம் 1 விகலைக்குக் கீழே வர வேண்டும் என்று எடுத்துக்கொண்டார். 14 என்று எழுதியவரும் தவறு செய்யவில்லை; அவர் விடைக்கான பிழையை எண்ணினார். பதினான்கு படிகளுக்குப் பின் இடைவெளியின் அகலம் 1.18 விகலை. அதன் நடுப்புள்ளியை விடையாகத் தந்தால், மூலம் எந்த முனையில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் பிழை அரை அகலத்தை, அதாவது 0.59 விகலையை, மிஞ்சாது. அது 1-க்குக் கீழேதான்.

எனவே முதலில் முடிவுசெய்ய வேண்டியது, படிகள் முடிந்ததும் எதைத் திருப்பித் தரப்போகிறோம் என்பது. இரு முனைகளையும் தந்து “மூலம் இதற்குள் இருக்கிறது” என்று சொன்னாலும், ஒரு முனையையே விடையாகக் கொண்டாலும், அகலம்தான் பிழையின் எல்லை. 15 படிகள் வேண்டும். கடைசியாக ஒரு நடுப்புள்ளியைக் கண்டு அதைத் தந்தால் 14 போதும். ஆனால் அந்தக் கடைசி நடுப்புள்ளியைக் கண்டதையும் ஒரு படியாக எண்ணுபவர்கள் உண்டு, அவர்கள் கணக்கில் மறுபடியும் 15 ஆகிவிடும். சார்பைக் கணித்து, ஒரு பாதியைத் தள்ளியதை மட்டுமே ஒரு படி என்று நான் எண்ணுகிறேன். எந்த வழக்கத்தைப் பின்பற்றினாலும், அதை முதல் வரியிலேயே எழுதிவிடுவது வாதத்தை மிச்சப்படுத்தும்.

9 என்று எழுதியவரின் கதை வேறு. அவர் 1 விகலையை 1/3600 என்று பாகையில் எழுதிவிட்டு, அகலத்தை 0.0934 என்று ரேடியனில் விட்டுவிட்டார். 0.0934-ஐ 0.000278-ஆல் வகுத்தால் 336. அதற்கு 9 படிகள். ஒன்பது படிகளுக்குப் பின் உண்மையான அகலம் 37.6 விகலையாகவே இருக்கும். ஒரு ரேடியன் 57.3 பாகை, அந்த மடங்குக்கு உரிய படிகள் 5.84. ஆகவே எதிர்பார்த்ததைவிட ஐந்து அல்லது ஆறு படிகள் குறைந்தாலோ கூடினாலோ, வேறெங்கும் தேடுவதற்கு முன் பாகையும் ரேடியனும் கலந்துவிட்டனவா என்று பாருங்கள்.

நிரலில் எழுதுவது

மடக்கையைக் கணினியிடம் கேட்பதில் ஒரு சிறு ஆபத்து உண்டு. பைத்தானில் `math.log(2**29, 2)` என்று கேட்டால் 29-க்குப் பதிலாக 29.000000000000004 என்று வரும், ஏனெனில் அது இரண்டு மடக்கைகளை வகுத்துத் தருகிறது. அதை மேல்நோக்கி முழுமையாக்கினால் 30 ஆகிவிடும். ஒரு படி கூடுவதால் நட்டமில்லை. இதே தோராயப் பிழை மறுபக்கம் சாய்ந்து ஒரு படி குறைந்தால்தான் கொடுத்த வாக்குறுதி உடைகிறது. `math.log2` இதைவிட நம்பகமானது. ஆனால் எனக்குப் பிடித்த வழி மடக்கையே இல்லாத வழி. இரும எண்களில் 2-ஆல் வகுப்பது அடுக்கை ஒன்று குறைப்பதுதான் என்பதால், அதில் தோராயப் பிழை ஏற்படுவதில்லை. ஆகவே கையால் செய்ததையே கணினியையும் செய்யச் சொல்லலாம்:

```python
import math

def steps(a, b, tol):
    w = b - a
    n = 0
    while w >= tol:
        w = w / 2
        n = n + 1
    return n

tol = math.radians(1 / 3600)
print(steps(1.0, 1.0934, tol))
```

இது 15 என்று தரும். `>=` என்ற குறி “குறைவாக இருக்க வேண்டும்” என்ற பொருளைத் தாங்கி நிற்கிறது. “மிகாமல்” என்றால் அதை `>` என்று மாற்ற வேண்டும். `tol` நேர்க்குறி எண்ணாக இருப்பது கட்டாயம். அதற்கு 0 கொடுத்தால் இந்தச் சுழற்சி முடியவே முடியாது. எண்ணிக்கை கிடைத்ததும் மூலத்தைத் தேடும் பகுதி இவ்வளவுதான்:

```python
e, M = 0.0934, 1.0
a, b = M, M + e
for k in range(steps(a, b, tol)):
    m = a + (b - a) / 2
    if m - e * math.sin(m) - M < 0:
        a = m
    else:
        b = m
print(a, b)
```

முடிவில் இடைவெளி 1.08248319 முதல் 1.08248604 வரை இருக்கும். உண்மையான மூலம் 1.08248395, அது இடைவெளிக்குள் இருக்கிறது, அகலம் 0.00000285 ரேடியன், அதாவது 0.59 விகலை. கையால் எண்ணியதோடு பொருந்துகிறது.

இடையில் நிறுத்தத் தூண்டும் இரண்டு குறிகள்

மேலே உள்ள நிரலில் ஒவ்வொரு நடுப்புள்ளியையும் அச்சிட்டுப் பார்த்தால் ஒரு விந்தை தெரியும். மூன்றாவது நடுப்புள்ளி 1.081725, மூலத்திலிருந்து 0.00076 மட்டுமே விலகியிருக்கிறது. நான்காவது 1.0875625, விலகல் 0.0051, முன்னதைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு. ஏழாவது நடுப்புள்ளி 1.0824547 மூலத்துக்கு 6 விகலை அருகில் வந்துவிடுகிறது; எட்டாவது 69 விகலைக்கு விலகிப் போய்விடுகிறது. இடைவெளியின் அகலம் தவறாமல் பாதியாகிறது. நடுப்புள்ளியின் உண்மையான பிழையோ ஏறி இறங்கி நடக்கிறது. ஏழாம் படியில் நல்ல விடை கையில் இருந்தது உண்மைதான். ஆனால் மூலம் தெரியாத நிலையில் அதை அறிந்துகொள்ள வழியில்லை. முன்கூட்டிக் கணித்த எண்ணிக்கை தரும் உறுதி மிக மோசமான நிலைக்கும் பொருந்தும் உறுதி.

இரண்டாவது தூண்டுதல், f-இன் மதிப்பு போதுமான அளவு சிறியதாகிவிட்டது என்று நிறுத்துவது. செவ்வாய்க்கு இது பெரிதாக ஏமாற்றாது. மூலத்தின் அருகே f-இன் சாய்வு 0.956 என்பதால், f-இன் அளவும் E-யின் பிழையும் ஏறத்தாழ ஒன்றுதான். ஹேலி வால்மீன் சூரியனுக்கு மிக அருகில் வரும்போது அதே சாய்வு 1 - 0.967, அதாவது 0.033 ஆகிவிடுகிறது. அங்கே f-இன் மதிப்பு 1 விகலைக்கு இறங்கியிருந்தாலும் E-யில் 30 விகலைப் பிழை ஒளிந்திருக்கலாம். நடுப்புள்ளியில் f மிகச்சரியாக 0 ஆகிவிட்டால் மட்டும் நிறுத்திக்கொள்ளலாம். மிதவைப் புள்ளி எண்களில் அந்தப் பூச்சியமும் தோராயத்தால் வந்ததாக இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்தால் சரி.

பிழை வரம்பு ஒப்பீட்டு அளவில் தரப்பட்டால்

“விடையில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்குள் பிழை இருக்கட்டும்” என்பது போன்ற நிபந்தனையில், பிழை வரம்பு விடையின் அளவைப் பொறுத்தது. விடையோ இன்னும் தெரியாது. இரு முனைகளும் ஒரே குறியுடையவையாக இருந்தால், அவற்றுள் சிறிய முனையின் அளவைக் கொண்டு பெருக்கிக்கொள்ளலாம், ஏனெனில் மூலம் அதைவிடச் சிறியதாக இருக்க முடியாது. நம் இடைவெளியில் சிறிய முனை 1; எனவே ε = 0.000001 ரேடியன், 0.0934-ஐ அதனால் வகுத்தால் 93,400, படிகள் 17. இடைவெளிக்குள் பூச்சியம் இருந்தாலோ ஒரு முனையே பூச்சியமாக இருந்தாலோ இந்த வழி அடைபட்டுவிடும். அப்போது சில படிகளை ஓடவிட்டு, இடைவெளி பூச்சியத்தை விட்டு விலகிய பிறகு எண்ணிக்கையைக் கணிக்க வேண்டும். விலகவே மறுத்தால் மூலம் பூச்சியமாகவோ அதற்கு வெகு அருகிலோ இருக்கிறது, அங்கே ஒப்பீட்டுப் பிழையைக் கேட்பதில் பொருளில்லை.

சூத்திரம் சொல்லாத அடித்தளம்

சூத்திரத்துக்கு எல்லையே கிடையாது. ε-ஐ எவ்வளவு சிறிதாக்கினாலும் அது ஓர் எண்ணிக்கையைத் தந்துவிடும். கணினியின் எண்களுக்கு எல்லை உண்டு. 64 பிட் மிதவைப் புள்ளி எண்களில், 1-க்கும் 2-க்கும் இடையே அடுத்தடுத்த இரு எண்களின் இடைவெளி 2.22 × 10⁻¹⁶. நம் மூலம் 1.08 என்பதால் இதுவே நமக்கும் உரிய அடித்தளம். 0.0934-இலிருந்து தொடங்கினால் 49 படிகளில் இந்த அடித்தளத்தைத் தொட்டுவிடுவோம். யாராவது பிழை வரம்பை 10⁻¹⁶ என்று கொடுத்தால் சூத்திரம் 50 என்று சொல்லும். ஆனால் a-யும் b-யும் அடுத்தடுத்த எண்களாகிவிட்ட பிறகு அவற்றின் நடுவே வேறு எண்ணே இல்லை. நடுப்புள்ளி a-ஆகவோ b-ஆகவோ திரும்பி வரும், அகலம் 2.22 × 10⁻¹⁶-இலேயே நின்றுவிடும்.

இந்த நிலையில் `while b - a >= tol` என்று எழுதிய நிரல் முடிவில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். எண்ணிக்கையை முன்கூட்டிக் கணித்து `for` சுழற்சியில் எழுதியது ஓடி முடிந்துவிடும். ஆனால் கேட்ட துல்லியம் கிடைத்தது என்று நம்மை நம்பவைத்துவிடும். ஆகவே ஒவ்வொரு படியிலும் `m == a or m == b` என்று சோதித்து, உண்மையானால் அங்கேயே நிறுத்தி, பிழை வரம்பை எட்ட முடியவில்லை என்று தெரிவிப்பது நல்லது.

அடித்தளம் மூலத்தின் அளவோடு சேர்ந்து உயரும். கோணத்துக்குப் பதிலாகத் தொலைவைத் தேடும் ஒரு கணக்கில் விடை 22.8 கோடி கிலோமீட்டர் என்று வந்தால், அங்கே அடுத்தடுத்த எண்களின் இடைவெளி ஏறத்தாழ 3 × 10⁻⁸ கிலோமீட்டர். 10⁻⁸ என்ற பிழை வரம்பு பார்வைக்கு அடக்கமாகத் தோன்றினாலும் அடைய முடியாதது. 32 பிட் எண்களில் வேலைசெய்யும் சிறு கருவிகளில் இந்தச் சுவர் இன்னும் அருகில் இருக்கிறது: 1.08-இன் அருகே இடைவெளி 1.19 × 10⁻⁷ ரேடியன், விகலைக் கணக்கில் 0.025. 1 விகலைக்கான 15 படிகள் அதில் எந்தச் சிக்கலும் இன்றி ஓடும். நூறில் ஒரு விகலை கேட்டால் சூத்திரம் 21 என்று சொல்லும். கருவியோ இருபதாம் படியை ஒட்டியே அசையாமல் நின்றுவிடும்.